நாற்பத்தைந்தாவது சொல்லில் வந்த வினை

நேயர்களுக்கு வணக்கம்.

நான் தகவல் பலகைகளுக்குத் தமிழ் எழுதுகிறவன். பழைய கட்டடங்களுக்குப் பக்கத்தில் நாட்டியிருக்கும் பலகைகளும், பாடசாலைப் பிள்ளைகள் சுற்றுலா வரும்போது கையில் கொடுக்கும் ஒற்றைத் தாள்களும்தான் என் வேலை. இன்றைக்கு ஒரே ஒரு பத்தியை எடுத்துக்கொண்டு, அது எப்படிக் கையில் வந்தது, எப்படிப் பலகைக்குப் போனது என்று சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

கட்டடம் உங்களில் பலர் பார்த்ததுதான். மன்னார்ப் பெருநிலப்பரப்பில், சிலாவத்துறைக்கு வடக்கே, அரிப்புக் கடற்கரை மேட்டில் இடிந்து நிற்கும் டொரிக் மாளிகை. அதைப் பற்றி ஆய்வாளர் ஒருவர் எழுதிக் கொடுத்த பத்தியை அப்படியே வாசிக்கிறேன். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

“பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானியக் காலனித்துவ நிர்வாகத்தின் முதல் ஆளுநரான பிரெட்ரிக் நோர்த்தினால் முத்துக்குளிப்புப் பொருளாதாரத்தை மேற்பார்வையிடும் நோக்குடன் நிர்மாணிக்கப்பட்டதும், கிரேக்க டொரிக் ஒழுங்கின் நவசெவ்வியல் மறுவாசிப்பை உள்ளூர்க் கட்டுமானப் பொருட்களினூடாக வெளிப்படுத்துவதுமான இவ்வசிப்பிடம், கரையோரப் புவியியல் இயக்கவியலின் தொடர்ச்சியான தாக்கத்தினால் தனது இடஞ்சார் முழுமையை இழந்த நிலையில், அதிகாரத்தின் பார்வையைப் பௌதிக வடிவில் நிலைநிறுத்திய ஒரு காலனித்துவ நிலக்காட்சியின் எச்சமாக விளங்குகின்றது.”

என்ன விளங்கியது? நோர்த் என்று ஒரு பெயரும், முத்துக்குளிப்பும் காதில் நின்றிருக்கும். மிச்சம் காற்றோடு போயிருக்கும். இதில் கேட்டவர்கள் மேல் ஒரு குறையும் இல்லை. எண்ணிப் பார்த்தால் இது 45 சொற்கள் கொண்ட ஒரே வாக்கியம். எதைப் பற்றிய பேச்சு என்று சொல்லும் “இவ்வசிப்பிடம்” 25ஆவது சொல்லாக வருகிறது. வினை 45ஆவது சொல். அந்த வினையும் “விளங்குகின்றது”தான், அதில் ஒரு செயலும் இல்லை. வெயிலில் நின்று வாசிக்கிறவர் அதுவரைக்கும் எல்லாவற்றையும் மனதில் சுமந்துகொண்டு வரவேண்டும்.

இப்படிப் பத்தி கைக்கு வந்ததும் பலர் செய்வது, கடினமான சொல்லை எடுத்துவிட்டு லேசான சொல்லைப் போடுவது. “நிர்மாணிக்கப்பட்ட” போய் “கட்டப்பட்ட” வரும், “வசிப்பிடம்” போய் “வீடு” வரும். செய்து பாருங்கள், வாக்கியம் அதே 45 சொல்லாகத்தான் இருக்கும், அதே மூச்சுத்தான் முட்டும். நம் மொழியில் சுமை பெரும்பாலும் சொல்லில் இல்லை. பெயருக்கு முன்னால் எச்சங்களை வரிசையாகக் கட்டி இழுப்பதில் இருக்கிறது. நிர்மாணிக்கப்பட்டதும், வெளிப்படுத்துவதுமான, இழந்த, நிலைநிறுத்திய. இந்த ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு முழு வாக்கியம் ஒளிந்திருக்கிறது. அதை வெளியே எடுத்து முற்றுவினை கொடுக்கவேண்டும். நோர்த் கட்டினார். தூண்கள் கிரேக்கப் பாணியில் அமைந்தன. கடல் கரையைக் கரைக்கிறது. வீடு இடிந்தது. எடுத்த உடனேயே யார், என்ன செய்தார் என்ற கேள்விகளுக்கு ஆள் அகப்படுகிறார்கள். “நோர்த்தினால் நிர்மாணிக்கப்பட்டது” என்பதில் பின்னால் ஒதுங்கி நின்றவர் “நோர்த் கட்டினார்” என்பதில் முன்னால் வந்துவிடுகிறார்.

சரி, வாக்கியங்கள் பிரிந்துவிட்டன. எதை முதலில் சொல்வது? ஆய்வாளர் காலத்திலிருந்து தொடங்குவார். பலகைக்கு முன்னால் நிற்கிறவர் கண்ணிலிருந்து தொடங்குவார். அவருக்கு முன்னால் இருப்பது செங்கல் சுவர்த் துண்டுகள், உரிந்த சாந்து, அப்பால் கடல். ஆகவே பத்தியில் இருக்கும் செய்திகளை ஒரு தாளில் எழுதி, நின்ற இடத்திலிருந்து பார்க்கக்கூடியது எது, பார்க்க முடியாதது எது என்று அடையாளம் இடுவேன். பார்க்கக்கூடியவை முன்னுக்கு வரும். பார்க்க முடியாதவை அவற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் வரும்.

“அதிகாரத்தின் பார்வை” என்று ஒரு தொடர் இருந்ததே, அதைத் தூக்கி எறிந்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். எறியக்கூடாது. அந்தப் பத்தியிலேயே உருப்படியான எண்ணம் அதுதான். வீடு ஏன் ஊருக்குள் இல்லாமல் மேட்டின் விளிம்பில், கடலைப் பார்த்தபடி இருக்கிறது? முத்துக்குளிப்பு அரசாங்கத்துக்குப் பெரிய வருமானம். வருமானம் வருகிற கடலைப் பார்க்க ஆளுநருக்கு ஒரு மாடி வீடு. இவ்வளவையும் ஏழாந்தரப் பிள்ளைக்குச் சொல்லலாம். எண்ணத்தை வைத்துக்கொண்டு, அதைச் சுமந்து வந்த சொற்களை மட்டும் இறக்கிவிட்டால் போதும்.

பொதுப் பார்வையாளருக்கான பலகை இப்படி வந்தது.

“கடலைப் பார்த்து நிற்கும் இந்த மாடி வீட்டைக் கட்டியவர் பிரெட்ரிக் நோர்த். 1798 முதல் 1805 வரை அவர் இலங்கையில் பிரித்தானிய ஆளுநராக இருந்தார். எதிரே தெரியும் கடலின் அடியில் முத்துச் சிப்பிகள் கிடைத்தன. முத்துக்குளிப்புக் காலத்தில் தங்கியிருந்து மேற்பார்வை செய்வதற்காக இந்த இடத்தைத் தெரிந்தெடுத்தார். மன்னார், யாழ்ப்பாணம், அக்கரையில் தூத்துக்குடி, கீழக்கரை ஆகிய இடங்களிலிருந்து வந்தவர்கள் கல்லைக் கட்டிய கயிற்றைப் பிடித்துக் கடலுக்குள் இறங்கிச் சிப்பி எடுத்தார்கள். சுவரைப் பாருங்கள்: உள்ளே செங்கல், மேலே சிப்பியைச் சுட்டு எடுத்த சுண்ணாம்புச் சாந்து. அதை மாபிள் போல மினுக்கினார்கள். தூண்கள் பழைய கிரேக்கக் கோயில்களைப் பார்த்து அமைத்தவை. தடித்த, அலங்காரம் குறைந்த அந்த வகைத் தூணுக்கு டொரிக் என்று பெயர். வீட்டின் வரைபடத்தை நோர்த் தாமே போட்டதாகச் சொல்லப்படுகிறது.”

இதில் இரண்டு இடங்களைக் கவனியுங்கள். சிப்பி எடுத்தவர்கள் மூலப் பத்தியில் இல்லவே இல்லை. “முத்துக்குளிப்புப் பொருளாதாரம்” என்ற சொல்லுக்குள் மூழ்கிப் போயிருந்தார்கள். யாருடைய வேலையால் பணம் வந்தது என்று பார்வையாளர் கட்டாயம் கேட்பார், ஆகவே சேர்த்தேன். ஆனால் பலகை எழுதுகிறவன் தன் எண்ணத்துக்குச் செய்தி சேர்க்கக்கூடாது. சேர்த்த வரியை ஆய்வாளருக்கு அனுப்பி, அவர் சரி என்ற பிறகுதான் அது நின்றது. அடுத்தது, கடைசி வரியில் உள்ள “சொல்லப்படுகிறது”. எளிமையாக்கும்போது முதலில் பலியாவது இந்த மாதிரிச் சொற்கள்தான். “நோர்த் வரைந்தார்” என்றால் வாக்கியம் சின்னதாகும், ஆனால் உறுதியில்லாததை உறுதியாக்கிவிடும். எளிய மொழியில் எழுதியதைச் சனம் அப்படியே நம்பும். அதனால்தான் அந்தச் சொல்லை விடவில்லை.

பலகையில் வரிகளை எங்கே முறிப்பது என்பதும் வேலையில் ஒரு பங்கு. சுவீடனில் 1980களில் மார்கரெட்டா ஏகார்வ் என்ற எழுத்தாளர் அருங்காட்சியகங்களுக்காக ஒரு முறையைக் கொண்டுவந்தார். ஒரு வரியில் ஏறத்தாழ 45 எழுத்துக்குமேல் போகக்கூடாது. பேசும்போது மூச்சு விடும் இடத்தில்தான் வரி முடியவேண்டும், சொற்றொடரை நடுவில் வெட்டக்கூடாது. தமிழில் அந்த அளவுக்கு நாலைந்து சொல்தான் அடங்கும். வேற்றுமை உருபோடு ஒரு சொல்லே நீண்டுவிடுகிறதல்லவா? ஆகவே எழுத்தை எண்ணுவதைவிட மூச்சை எண்ணுவது எனக்கு ஒத்து வருகிறது. “முத்துக்குளிப்புக் காலத்தில்” ஒரு வரி, “தங்கியிருந்து மேற்பார்வை செய்வதற்காக” ஒரு வரி, “இந்த இடத்தைத் தெரிந்தெடுத்தார்” ஒரு வரி. பலகை கொஞ்சம் உயரமாகும், அவ்வளவுதான்.

பிள்ளைகளுக்கான தாள் வேறு. பொதுப் பலகையைச் சுருக்கினால் பிள்ளைகளுக்கு ஆகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. பிள்ளைகள் கூட்டமாக வருகிறார்கள், ஒருவர் சத்தமாக வாசிக்க மற்றவர்கள் கேட்கிறார்கள். அங்கே வாசித்த உடனே செய்ய ஏதாவது இருக்கவேண்டும். முதல் வரைவில் “சுவரைத் தொட்டுப் பாருங்கள், இது சிப்பியால் பூசப்பட்டது” என்று இருந்தது. ஏழாந்தரப் பிள்ளைகள் சிலரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னோம். ஒரு பிள்ளை சுவர் முழுக்கச் சிப்பி ஓடு தேடினாள். காணவில்லை என்றதும் தாள் பொய் சொல்கிறது என்று முடிவு கட்டிவிட்டாள். அவள் தேடியதில் நியாயம் உண்டு, வரி அப்படித்தான் சொல்கிறது. சிப்பியைச் சூளையில் சுட்டு, தண்ணீர் ஊற்றி நீற்றி, மணலோடு குழைத்தால் சிப்பியின் உருவம் மிஞ்சாது. அந்த மூன்று படியையும் எழுதி, “அம்மம்மாவின் வெற்றிலைத் தட்டில் இருக்கும் சுண்ணாம்பைக் கேட்டுப் பாருங்கள், அதுவும் சிப்பியில் செய்ததாக இருக்கலாம்” என்று சேர்த்தோம். “தொட்டு” என்ற சொல்லையும் எடுத்தோம். இடிந்த சுவரைப் பிள்ளைகள் தொட்டால் சாந்து கையோடு வந்துவிடும்.

இன்னொரு பிள்ளை கேட்ட கேள்வி: “மற்ற மாதங்களில் இங்கே யார் இருந்தது?” தாளில் விடை இல்லை. “ஆளுநர் ஆண்டு முழுவதும் இங்கே இருக்கவில்லை, கொழும்பில் இருந்தார்” என்று ஒரு வரி போட்டோம். வாசித்துக் காட்டச் சொல்வதைவிட, தாளை மூடிவைத்துவிட்டு என்ன இருந்தது என்று சொல்லச் சொன்னால் ஓட்டைகள் இப்படி வெளியே வரும். பிள்ளை எந்த வரியைச் சொந்தப் பேச்சில் சொல்கிறதோ அந்த வரி தேறிவிட்டது. தாளில் இருந்த சொல்லையே மனப்பாடமாக ஒப்பித்தால் அங்கே இன்னும் வேலை இருக்கிறது.

“கடலைப் பாருங்கள்” என்று தாளில் எழுதுவதிலும் யோசிக்கவேண்டியிருந்தது. வாசித்த கையோடு நாற்பது பிள்ளைகள் விளிம்புக்கு ஓடுவார்கள். அது சரிகிற மண். “நிற்கிற இடத்திலிருந்தே கடலைப் பாருங்கள்” என்று மாற்றி, பலகையையும் விளிம்புக்கு எட்டத்தில் நாட்டச் சொன்னோம்.

கடைசியாக இருந்தது “கரையோரப் புவியியல் இயக்கவியல்”. அரிப்பு என்ற ஊரில் கடலரிப்பு என்று எழுதினால் வாசிக்கிறவர் ஒருமுறை தடுக்கி விழுவார். ஆகவே “கடல் இந்த மேட்டைக் கரைத்து வருகிறது, வீட்டின் ஒரு பகுதி ஏற்கெனவே சரிந்துவிட்டது” என்று போட்டோம். மற்ற வரிகள் பத்து வருடம் கழித்தும் சரியாக இருக்கும், இது இருக்காது. அடுத்த மாரிக்கு இன்னொரு சுவர் போனால் பலகை பிழை. அதனால் இந்த வரியை மட்டும் பெரிய பலகையில் அச்சிடாமல், கீழே நான்கு ஆணியில் கழற்றி மாற்றக்கூடிய சின்னத் தகட்டில் போடச் சொல்லியிருக்கிறேன். தகட்டின் மூலையில் எழுதிய மாதமும் ஆண்டும் இருக்கும்.

நன்றி, வணக்கம்.