தேய்மானம் வலது முட்டியில, வலி இடது முட்டியில: எக்ஸ்ரே பொய் சொல்லுதா?

கேள்வி: டாக்டர், எனக்கு 61 வயசு. ரெண்டு முட்டிக்கும் எக்ஸ்ரே எடுத்தேன். வலது முட்டி கிரேடு 3, கேப் நல்லா குறைஞ்சிருக்கு, எலும்பு வளர்ந்திருக்குன்னு ரிப்போர்ட். இடது கிரேடு 2 தான். ஆனா எனக்கு வலிக்கிறது இடது முட்டிதான், வலதுல ஒண்ணுமே இல்ல. இடம் வலம் மாத்தி எழுதிட்டாங்களா? அந்த வளர்ந்த எலும்பைச் சுரண்டி எடுத்தா வலி போயிடுமா?

பதில்: சிரிக்காதீங்க, நியாயமான சந்தேகம்தான். படத்தோட ஓரத்துல ஆர், இல்லன்னா எல்-னு ஒரு எழுத்து இருக்கும். ஆர்னா வலது, எல்னா இடது. வீட்டுக்குப் போனதும் அதை ரிப்போர்ட்டோட ஒத்துப் பாருங்க, சார். எப்பவாவது மாறிப் போறதும் உண்டு. ஆனா பெரும்பாலும் எழுத்து சரியாத்தான் இருக்கும். சரியா இருந்தா, படமும் உண்மை, உங்க வலியும் உண்மை. இது எப்படின்னு சொல்றேன்.

ரிப்போர்ட்ல கேப்னு எழுதுறாங்களே, அது தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவுல கறுப்பாத் தெரியுற ஒரு கோடு. பார்த்தா வெத்து இடம் மாதிரி இருக்கும். வெத்து இடமே கிடையாது. ரெண்டு எலும்பு நுனியிலயும் வழவழன்னு குருத்தெலும்பு பூசின மாதிரி இருக்கு. அது நடுவுல பிறை வடிவத்துல மெனிஸ்கஸ்னு ஒரு திண்டு இருக்கு. இதெல்லாம் எக்ஸ்ரேல விழாது, அதனாலதான் கறுப்பாத் தெரியுது. நம்ம ஊர்ல இது மொத்தத்தையும் ஜவ்வுன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுறோம், அங்கதான் பாதி குழப்பம். நல்லா இருக்கிற முட்டியில உள்பக்கம் இந்தக் கோடு சுமாரா 4, 5 மில்லிமீட்டர் இருக்கும். குருத்தெலும்பு தேஞ்சா கோடு மெலியும். மெனிஸ்கஸ் கிழிஞ்சு வெளிப்பக்கம் பிதுங்கினாலும் கோடு மெலியும். ஆக நாம பார்க்கிறது ஜவ்வோட படம் இல்ல, ஜவ்வு இருந்த இடத்தோட அளவு.

அந்த அளவும் எப்படிப் படம் எடுத்தாங்கங்கிறதைப் பொறுத்து மாறும். படுக்க வெச்சு எடுத்தா முட்டி மேல எடை இல்ல, எலும்பு ரெண்டும் விலகி நிக்கும், கேப் நல்லா இருக்கிற மாதிரி தெரியும். அதே ஆளை நிக்க வெச்சு எடுத்தா கேப் ஒட்டிப் போயிருக்கும். உங்களுக்கு ரெண்டு முட்டியையும் சேர்த்து, நிக்க வெச்சு எடுத்தாங்களான்னு கேளுங்க. ஒண்ணை நின்னும் ஒண்ணைப் படுத்தும் எடுத்திருந்தா, ரெண்டையும் ஒப்பிடுறதுலயே அர்த்தம் இல்ல.

அப்புறம் இந்தக் கிரேடு. கெல்கிரன், லாரன்ஸ்னு ரெண்டு டாக்டர்கள் 1957-ல எழுதி வெச்ச கணக்கு இது. பூஜ்யத்துல இருந்து 4 வரைக்கும். எலும்பு ஓரத்துல முள் மாதிரி வளர்ந்தது தெளிவாத் தெரிஞ்சா 2. கேப் குறைஞ்சது நிச்சயமாத் தெரிஞ்சா 3. எலும்போட எலும்பு ஒட்டினாப்புல ஆயிட்டா 4. அந்தக் கணக்குல வலின்னு ஒரு கட்டமே இல்ல. நிழலைப் பார்த்துப் போடுற மார்க் அது.

சரி, வலி எங்க இருந்து வருது? குருத்தெலும்புல நரம்பே கிடையாது. அது தேய்றப்போ நமக்குத் தெரியாது, நகம் வெட்டினா வலிக்காத மாதிரி. நரம்பு இருக்கிறது அதைச் சுத்தி: மூட்டுக்கு உள்பூச்சா இருக்கிற சவ்வுல, மூட்டைப் போர்த்தியிருக்கிற உறையில, குருத்தெலும்புக்கு அடியில இருக்கிற எலும்புல. சவ்வு வீங்கினா மூட்டுல நீர் கோக்கும், உறை இழுபடும், வலிக்கும். மேல இருக்கிற குருத்தெலும்பு மெலிஞ்சதுனால அடி எலும்பு அதிகமாச் சுமந்தா, அந்த எலும்புக்குள்ளயே நீர் கோத்த மாதிரி ஆகும். இது எம்.ஆர்.ஐ.ல தெரியும், சாதாரண எக்ஸ்ரேல தெரியாது. முக்கியமான விஷயம், இந்த வீக்கமெல்லாம் வாரக்கணக்குல ஏறும், இறங்கும். கேப் வருஷக்கணக்குல மெதுவாத்தான் குறையும். அதனாலதான் போன மாசம் படி ஏற முடியாம இருந்தவர் இந்த மாசம் ஏறுறார், படம் மட்டும் அப்படியே இருக்கு.

அமெரிக்காவுல ஃப்ரேமிங்ஹாம்னு ஒரு ஊர். அங்க 50 வயசு தாண்டின 710 பேர், எக்ஸ்ரேல தேய்மானமே இல்லாதவங்க, அவங்களுக்கு முட்டியில எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தாங்க. 2012-ல முடிவு வந்துச்சு. 89 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மாற்றம் இருந்துச்சு. எலும்பு முள் மட்டுமே 74 சதவீதம் பேருக்கு. முட்டி வலிக்குதுன்னு சொன்னவங்க, வலியே இல்லன்னு சொன்னவங்க, ரெண்டு கூட்டத்துலயும் கிட்டத்தட்ட இதே கதைதான். அதனால, எம்.ஆர்.ஐ. எடுத்தா எல்லாம் தெளிவாயிடும்னும் நினைக்காதீங்க.

இதைக் கேட்டுட்டு எக்ஸ்ரேக்கும் வலிக்கும் சம்பந்தமே இல்லன்னு முடிவு கட்டிடக் கூடாது. அப்படி வீடியோ போடுறவங்களும் இருக்காங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. வேற வேற ஆட்களை ஒப்பிட்டாத்தான் இந்தக் குழப்பம் வருது, ஏன்னா ஒருத்தரோட எடை, தூக்கம், மனசு, வலி தாங்குற சக்தி இன்னொருத்தர் மாதிரி இல்ல. அதனால ஒரே ஆளோட ரெண்டு முட்டியை ஒப்பிட்டுப் பார்த்தாங்க, 2009-ல வந்த ஆய்வு. ஒரு முட்டி வலிக்கிறவங்க, இன்னொண்ணு வலிக்காதவங்க, அவங்களை மட்டும் எடுத்துக்கிட்டாங்க. அப்போ சம்பந்தம் பளிச்சுன்னு தெரிஞ்சுது. கேப் அதிகமாக் குறைஞ்ச முட்டிதான் பெரும்பாலும் வலிச்சுது. எலும்பு முள்ளுக்கு வலியோட இருந்த தொடர்பு அதைவிடக் கம்மி.

இப்போ உங்க கதைக்கு வாங்க. ஒரே ஆள், ரெண்டு முட்டி. கணக்குப்படி வலதுதான் வலிக்கணும், ஆனா இடது வலிக்குது. என்னை மாதிரி ஆளுக்கு இது ஒரு மணி அடிக்கிற மாதிரி. இடது காலுல படத்துல விழாத வேற ஏதோ இருக்கு, அதைத் தேடணும்.

என்கிட்ட ஒருத்தர் வந்தார். 64 வயசு, பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். ஆறு மாசமா இடது முட்டி வலி. வேற ஒரு இடத்துல முட்டியில ரெண்டு ஊசி போட்டிருந்தாங்க, கேக்கல. எக்ஸ்ரே உங்களோடது மாதிரியேதான், வலது மோசம், இடது பரவாயில்ல. நானும் முதல் தடவை படத்தைப் பார்த்துட்டு, தேய்மானம்தான்னு மாத்திரையும் பயிற்சியும் குடுத்து அனுப்பிட்டேன். ஒரு மாசம் கழிச்சு அதே வலியோட வந்தார். அப்பதான் ஒழுங்கா விசாரிச்சேன். எங்க வலிக்குதுன்னு விரலை வெச்சுக் காட்டச் சொன்னா, விரலை வைக்கல. முட்டிக்கு மேல தொடையோட முன்பக்கத்துல உள்ளங்கையை விரிச்சு வெச்சார். முட்டியில வீக்கம் இல்ல, முழுசா மடங்குது, மூட்டு இடுக்குல அழுத்தினா வலி இல்ல. செருப்பு வார் மாட்டக் குனிய முடியல, பைக்ல காலைத் தூக்கிப் போட முடியலன்னு சொன்னார். படுக்க வெச்சு, இடுப்பையும் முட்டியையும் மடக்கி, பாதத்தை மெதுவா வெளிப்பக்கம் தள்ளினேன். அப்படிச் செஞ்சா இடுப்பு மூட்டு உள்பக்கமாத் திரும்பும். அய்யோன்னு கத்திட்டார், கையை வெச்ச இடமோ முட்டி! இடுப்புக்கு எக்ஸ்ரே எடுத்தா, இடது இடுப்பு மூட்டுல கேப் ஏறக்குறைய இல்லவே இல்ல. இடுப்புக்கும் முட்டிக்கும் ஒரே நரம்போட கிளைகள் போறதுனால, இடுப்போட வலி முட்டியில கேக்கும். முட்டி படத்துல ஒரு முள் இருந்துச்சு, அதைப் பார்த்ததும் நாங்க ரெண்டு பேருமே தேடுறதை நிறுத்திட்டோம். படம் செய்ற கெடுதல் இதுதான்.

உங்களுக்கும் இடுப்புதான்னு சொல்ல வரல. அதைவிட சாதாரணமாப் பார்க்கிறது சில்லுப் பக்கத் தேய்மானம். முட்டிச் சில்லுக்குப் பின்னாடி ஒரு மூட்டு இருக்கு. முன்னாடி இருந்து எடுக்கிற படத்துல அது எலும்போட எலும்பா ஒண்ணா விழுந்துடும், கேப் தெரியாது. படி ஏறும்போதைவிட இறங்கும்போது வலி ஜாஸ்தி, சினிமா தியேட்டர்ல ரொம்ப நேரம் காலை மடக்கி உட்கார்ந்து எழுந்தா வலின்னா, பக்கவாட்டுலயும், முட்டியை மடக்கி சில்லுக்கு மேல இருந்தும் படம் எடுக்கச் சொல்லுங்க. முட்டி இடுக்குக்கு ரெண்டு மூணு விரல் கீழ, உள்பக்கம் தொட்டா வலின்னா அது மூட்டே இல்ல, தொடைத் தசைகளோட நார் வந்து ஒட்டுற இடம். அதுக்கு மருத்துவம் வேற.

சுரண்டுற விஷயம். அந்த முள் குத்துறதுக்காக வளரல, சார். மூட்டு ஆடுறப்போ உடம்பு ஓரத்தை அகலமாக்கிப் பாரத்தைப் பரப்பப் பார்க்குது. முதல்ல குருத்தெலும்பா முளைச்சு, அப்புறம் எலும்பா ஆகும். படத்துல கூர்மையாத் தெரியுதே தவிர, பெரும்பாலும் அதோட நுனியை மெத்துன்னு குருத்து மூடியிருக்கும். ஹூஸ்டன்ல 180 பேரை வெச்சு ஒரு ஆய்வு, 2002-ல வந்தது. சிலருக்கு முட்டிக்குள்ள கேமரா விட்டு, சொரசொரப்பை மழிச்சு விட்டாங்க. சிலருக்குக் கழுவி மட்டும் விட்டாங்க. சிலருக்குத் தோலை மட்டும் கீறித் தையல் போட்டாங்க. ரெண்டு வருஷம் பார்த்தாங்க, மூணு கூட்டத்துக்கும் வலியில வித்தியாசம் இல்ல. அதுலயும் முள்ளை யாரும் பொதுவாத் தொடல, காலை முழுசா நீட்ட விடாம மறிச்ச முள்ளை மட்டும் மழிச்சாங்க. உங்க முட்டியும் நீட்டும்போது ஒரு இடத்துல டக்குன்னு நின்னுடுதுன்னா, அதைப் பத்தி யோசிக்கலாம். இல்லன்னா வேண்டாம்.

அப்புறம் அந்த வலது முட்டி. கிரேடு 3-ன்னு பார்த்துட்டு, அதுக்கு இப்பவே ஆபரேஷன் பண்ணிக்கோங்கன்னு யாராவது சொன்னா, வலிக்காத முட்டிக்கு எதுக்குன்னு கேளுங்க. இடதுல திடீர்னு வீங்கி, சூடா, காய்ச்சலோட வந்தா மட்டும் எக்ஸ்ரேக்காகக் காத்திருக்காதீங்க, அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க, அது தேய்மானம் செய்ற வேலை இல்ல.