6 பக்கமும் 132 மாதிரியும்

நேயர்களுக்கு வணக்கம். நான் வேதியியல் ஆசிரியை. ஓய்வு பெற்ற பிறகு, வேலூர்ப் பக்கம் உள்ள சின்னச் சின்ன மகளிர் குழுக்களும் விவசாயச் சங்கங்களும் நிதியுதவி கேட்டு விண்ணப்பம் எழுதும்போது கூட உட்கார்ந்து உதவி வருகிறேன். இன்றைக்கு அதில் ஒரே ஒரு சங்கடத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். திட்டத்தை இத்தனை பக்கத்துக்குள் எழுது என்கிறார்கள். நம்மிடம் இருப்பதோ அதைவிடப் பெரிசு. வெட்டத்தான் வேண்டும். வெட்டும்போது, கேட்கிற பணத்துக்கான காரணமும் சேர்ந்து வெட்டுப்பட்டுப் போகிறது. இது எப்படி நடக்கிறது, எப்படித் தடுப்பது? அவ்வளவுதான் விஷயம்.

கல்யாண வீட்டை நினைத்துப் பாருங்கள். சமையல்காரர் மளிகைச் சீட்டு தருகிறார். அரிசி 50 கிலோ. பெண்ணின் அப்பா, "முகூர்த்தச் சாப்பாட்டுக்கு 300 பேர்தானே? எதுக்குய்யா 50 கிலோ?" என்று கேட்கிறார். முந்தின நாள் ராத்திரி பெண் அழைப்புக்கு 200 பேர் சாப்பிடுவார்கள், ஆக 500 இலை, இலைக்கு நூறு கிராம் என்று சமையல்காரர் சொன்னதும் பேச்சு முடிந்துவிடும். ஆனால் நிதி விண்ணப்பத்தைப் படிப்பவர் எதிரே நாம் உட்கார்ந்திருக்க மாட்டோம். அவர் கேட்க நினைத்ததற்குப் பதில் காகிதத்திலேயே இருக்க வேண்டும். அந்த ராத்திரிச் சாப்பாடு எங்கேயும் எழுதப்படவில்லை என்றால் 20 கிலோ அடிபட்டுவிடும்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

பள்ளிகொண்டாவுக்கும் விரிஞ்சிபுரத்துக்கும் நடுவில், பாலாற்றங்கரை ஊர்களில் இருக்கும் ஒரு மகளிர் குழு. தங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. பாலாற்றில் மேலே தண்ணீர் தெரியாவிட்டாலும் மணலுக்கு அடியில் ஊற்று ஓடுகிறது. கரையோரக் கிணறுகள் அதை நம்பித்தான் இருக்கின்றன. மேற்கே தோல் பதனிடும் ஊர்கள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். தோல் பதனிட உப்பும் குரோமியம் என்ற உலோகமும் பயன்படுகின்றன, அதனால் தண்ணீரில் உப்பு எவ்வளவு, குரோமியம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது இந்தியத் தர அளவு. அவ்வளவு நுணுக்கமானதை வீட்டில் பார்க்க முடியாது, ஆய்வகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். அதற்குப் பணம் வேண்டும்.

நிதி தரும் அமைப்பு 6 பக்கம் கொடுத்திருந்தது. பட்ஜெட் அட்டவணைக்கும் பட்ஜெட் விளக்கத்துக்கும் தனியாக 2 பக்கம். நாங்கள் முதலில் எழுதியது 9 பக்கம் வந்தது. எழுத்தைச் சிறிதாக்கலாமா என்று ஒரு பெண் கேட்டாள். கூடாது. எழுத்தின் அளவு, ஓரத்தில் விட வேண்டிய இடம் எல்லாம் விதிமுறையிலேயே இருக்கும். மீறினால் படிக்காமலே திருப்பி விடலாம்.

அப்புறம் என்ன செய்தோம்? எல்லாப் பகுதியிலும் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தோம். பார்க்க நியாயமாகத்தான் தெரிந்தது. தவறு அங்கேதான் நடந்தது.

எங்கள் திட்டம் இதுதான். 60 கிணறு. மே மாதக் கோடையில் ஒரு முறை, வடகிழக்குப் பருவமழை முடிந்த பிறகு ஜனவரியில் ஒரு முறை மாதிரி எடுக்க வேண்டும். ஆக 120 மாதிரி. அதோடு, பத்துக்கு ஒன்று வீதம் 12 மாதிரிகளை இரட்டையாக எடுத்து, வேறு எண் போட்டு அதே ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். இரண்டு முடிவும் ஒத்துப் போனால் ஆய்வகத்தை நம்பலாம். மொத்தம் 132 மாதிரி. பட்ஜெட்டில் மாதிரிக்கு 1,500 ரூபாய் வீதம் 1,98,000 ரூபாய் என்று சரியாகப் போட்டிருந்தோம்.

இன்னொன்று. குரோமியம் பார்க்கிற குப்பியில் சில சொட்டு நைட்ரிக் அமிலம் விட வேண்டும், இல்லாவிட்டால் உலோகம் குப்பியின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அமிலம் விட்ட தண்ணீரில் உப்பையும் நைட்ரேட்டையும் பார்க்க முடியாது. அதனால் மாதிரிக்கு இரண்டு குப்பி, 264 குப்பி.

மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தபோது இரட்டை மாதிரி பற்றிய வரி போயிற்று. அமிலக் குப்பி பற்றிய வரியும் போயிற்று. இரண்டும் வேதியியல் விவரம்தானே, படிப்பவருக்கு எதற்கு என்று நினைத்துவிட்டோம். பட்ஜெட் விளக்கத்தில் என்ன எழுதியிருந்தோம் தெரியுமா? "ஆய்வகக் கட்டணம்: 132 மாதிரிகளுக்கு." "குப்பிகள்: 264." அவ்வளவுதான். விவரம்தான் திட்டத்தில் இருக்கிறதே என்ற நம்பிக்கை.

படித்தவர் 60 கிணறு, இரண்டு முறை, 120 என்று பெருக்கிப் பார்த்தார். அப்புறம் ஓரத்தில் எழுதினார்: 132 ஏன்? 132 என்றால் குப்பி ஏன் 264? அவர் மேல் குற்றமே இல்லை, அவர் கையில் இருந்த காகிதம் அப்படி. 120 மாதிரிக்கு மட்டும் பணம் வந்தது. குப்பியும் 120 ஆயிற்று. மீதிக் குப்பிகளைக் குழுவே தன் சேமிப்பிலிருந்து வாங்கியது.

ஜனவரி மாதிரியில் ஒரு கிணற்றில் குரோமியம் அளவுக்கு மேல் வந்தது. ஊரே கேட்டது: இது உண்மையா, ஆய்வகத் தவறா? ஒத்துப் பார்க்க இரட்டை மாதிரி எங்களிடம் இல்லை. அந்தக் கிணற்று வீட்டு அம்மா, "டீச்சர், இந்தத் தண்ணிய புள்ளைங்களுக்குக் குடுக்கலாமா, வேணாமா?" என்று கேட்டார். மறுபடி சோதித்து முடிவு வரும்வரை குடிக்க வேண்டாம் என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது. நாங்கள் வெட்டிய ஒற்றை வரி அந்த வாசலில் வந்து நின்றது. அன்றிலிருந்துதான் இந்த விஷயத்தை விடாமல் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த ஆண்டு மறுபடி விண்ணப்பித்தோம். அதே 6 பக்கம். இந்த முறை வெட்டுவதற்கு முன்னால் பட்ஜெட்டை எடுத்து வைத்துக்கொண்டோம். அதிலுள்ள ஒவ்வொரு எண்ணுக்கும், அது எங்கிருந்து வந்தது என்று சொல்லும் வரியைத் திட்டத்தில் தேடிச் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டோம். 132-க்கு ஒரு வரி. 264-க்கு ஒரு வரி. வண்டி வாடகை 12 நாளுக்கு ஒரு வரி. சிவப்புக் கோடு போட்ட வரியைச் சுருக்கலாம், எடுக்கக்கூடாது. வெட்டுவதெல்லாம் கோடில்லாத வரிகளில்தான்.

தேடும்போதே ஒரு குறை அகப்பட்டது. களப்பணிக்கு 2 பெண்கள், மாதம் 6,000 ரூபாய், 12 மாதம் என்று 1,44,000 ரூபாய் போட்டிருந்தோம். திட்டத்திலோ மே, ஜனவரி இரண்டே மாத வேலைதான் தெரிந்தது. மீதிப் பத்து மாதம் அவர்கள் என்ன செய்வார்கள்? உண்மையில் மாதாமாதம் 60 கிணற்றிலும் கைக்கருவியால் உப்பின் அளவைப் பார்த்து நோட்டில் எழுதுவார்கள். எங்களுக்கு அது அவ்வளவு பழகிய வேலை என்பதால் எழுதவே தோன்றவில்லை. ஒரு வரி சேர்த்தோம். ஆமாம், பக்கம் குறைக்க உட்கார்ந்த இடத்தில் சேர்த்தோம்.

அப்படியானால் எங்கே குறைந்தது? முதல் வரைவில் பாலாற்றின் வரலாறு மட்டும் மூன்று பக்கம். நந்தி மலையில் பிறந்து வயலூர் அருகே கடலில் சேர்வது வரை எழுதியிருந்தோம். தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றி வேலூர்க் குடிமக்கள் அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தந்த தீர்ப்புக்கு மட்டும் அரைப் பக்கம். எனக்கு அந்தத் தீர்ப்பின்மேல் பெரிய மரியாதை உண்டு. மாசு செய்தவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்று தெளிவாகச் சொன்ன தீர்ப்பு. ஆனாலும் எங்கள் பட்ஜெட்டில் ஒரு ரூபாய்கூட அதைச் சார்ந்து இல்லை. ஒரே வரியாக்கினோம். மூன்று பக்கம் ஒரு பக்கமானது. குழுவின் கதை ஒன்றரைப் பக்கத்திலிருந்து அரைப் பக்கமானது. முடிவுகளால் வரும் பயன் பற்றிய ஒன்றரைப் பக்கம் ஒன்றானது. வேலை விவரம் மட்டும் மூன்றிலிருந்து மூன்றரையாகக் கூடியது. கூட்டினால் சரியாக 6.

திரும்பச் சொல்கிறேன், பக்கம் குறைந்தது, வேலை விவரம் கூடியது.

இனி எது எங்கே இருக்க வேண்டும் என்பது. எத்தனை, எத்தனை முறை, ஏன் என்பது திட்டத்தில். என்ன விலை, எப்படிப் பெருக்கினோம் என்பது பட்ஜெட் விளக்கத்தில். "பயணச் செலவு 21,600, களப்பணிக்காக" என்று எழுதினால் விளக்கமாகாது. "60 கிணறு, நாளுக்கு 10 கிணறு, 6 நாள், இரண்டு பருவம், 12 நாள் ஆட்டோ வாடகை, நாளுக்கு 1,800" என்று எழுதினால் படிப்பவர் தானே பெருக்கிப் பார்த்துக்கொள்வார். நீளமும் இரண்டு வரிதான்.

இங்கே ஓர் ஆசை வரும். திட்டத்தில் இடமில்லாததை எல்லாம் பட்ஜெட் விளக்கத்துக்குள் திணிக்கலாமே என்று. வேண்டாம். திட்டத்தை மதிப்பிடுபவர் ஒருவர், கணக்கைப் பார்ப்பவர் இன்னொருவர் என்று இருக்கும் இடங்கள் உண்டு. இரட்டை மாதிரி ஏன் என்பது கணக்குப் பக்கத்தில் மட்டும் இருந்தால், வேலையை மதிப்பிடுபவர் கண்ணில் படாமலே போகலாம். அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை திட்ட விவரத்துக்கு 15 பக்கம், பட்ஜெட் விளக்கத்துக்குத் தனியாக 5 பக்கம் என்று இரண்டுக்குமே எல்லை வைத்திருக்கிறது. பெரிய பல்கலைக்கழகங்களும் அந்த எல்லைக்குள்தான் எழுதியாக வேண்டும்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து காட்டுகிறார்கள். நிர்வாகச் செலவைப் பற்றிப் பேச வைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சதவீதம் போடும்போது எதன் மேல் சதவீதம் என்று எழுதுங்கள். கருவிகள் சேர்ந்த தொகையின் மேலா, சேராத தொகையின் மேலா என்பதை அமைப்பின் விதியைப் பார்த்துத்தான் போட வேண்டும். கடைசியாக ஒன்று: கேட்டதைவிடக் குறைத்துத் தருகிறோம் என்றால் பட்ஜெட்டை மட்டும் திருத்தி அனுப்பாதீர்கள். 60 கிணறு 45 ஆகிறது என்றால் திட்டத்திலும் 45 என்று மாற்றுங்கள், மாதிரி 99, குப்பி 198 என்று சிவப்புக் கோட்டு வரிகளை எல்லாம் மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்புங்கள். இரண்டாம் முறை எங்களுக்கு 132-ம் கிடைத்தது. வணக்கம்.