(8, 10) உறுப்பின் வரிசை 36-ம் இல்லை, 27-ம் இல்லை

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு கணக்குதான். பலகையில் எழுதிவிட்டேன், பாருங்கள்: Z12 × Z18 என்ற நேர்ப் பெருக்கத்தில் (8, 10) என்ற உறுப்பின் வரிசை என்ன? வரிசை என்றால் ஆர்டர், வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான் சொல்வார்கள், நானும் நடுநடுவே சொல்லிவிடுவேன். இந்தக் கணக்கைக் கொடுத்தால் பெரும்பாலும் மூன்று விடைகள் வரும்: 36, 27, 9. முதல்முறை நான் எழுதியது 36. மீ.சி.ம எடுக்கவேண்டும் என்று மட்டும் நினைவில் இருந்தது, எதற்கு எடுக்கவேண்டும் என்பது மறந்துபோயிருந்தது.

சரி, சூத்திரத்தைத் தள்ளிவைத்துவிட்டுக் கையாலேயே செய்து பார்ப்போம். இங்கே செயலி கூட்டல், முதல் இடத்தில் மட்டு 12, இரண்டாவது இடத்தில் மட்டு 18. முதல் இடத்தை மட்டும் பாருங்கள். 8, அதோடு இன்னொரு 8 சேர்த்தால் 16, அதாவது 4, இன்னொரு 8 சேர்த்தால் 12, அதாவது 0. மூன்றே அடியில் சமனிக்கு வந்துவிட்டது, ஆகவே Z12-இல் 8-இன் வரிசை 3. இரண்டாவது இடத்தில் 10-ஐக் கூட்டிக்கொண்டே போனால் 10, 2, 12, 4, 14, 6, 16, 8, 0 என்று வருகிறது, எண்ணிப் பாருங்கள், ஒன்பது அடி. ஒவ்வொரு முறையும் இப்படி எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், n-ஐ அந்த எண்ணுக்கும் n-க்கும் உள்ள மீ.பெ.கா-ஆல் வகுத்தால் போதும்: 12-ஐ 4-ஆல் வகுத்தால் 3, 18-ஐ 2-ஆல் வகுத்தால் 9.

இப்போது இரண்டு இடத்தையும் சேர்த்துப் பாருங்கள். முதல் இடம் 3, 6, 9, 12 என்று மூன்றின் மடங்குகளில் மட்டும்தான் 0 ஆகும், வேறு எந்த அடியிலும் ஆகாது. இரண்டாவது இடம் ஒன்பதின் மடங்குகளில் மட்டும்தான். (0, 0) வேண்டுமென்றால் இரண்டும் ஒரே அடியில் 0 ஆகவேண்டும், அதாவது அடியின் எண் 3-க்கும் மடங்காக இருக்கவேண்டும், 9-க்கும் மடங்காக இருக்கவேண்டும். அப்படிப்பட்ட எண்களில் மிகச் சிறியதுதான் மீ.சி.ம. இங்கே அது 9. "மட்டும்தான்" என்று அழுத்திச் சொன்னேனே, முழு நிரூபணமும் அந்த ஒரு சொல்லில்தான் நிற்கிறது.

36 எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும். அது 12, 18 ஆகியவற்றின் மீ.சி.ம. குலங்களின் அளவுக்கு எடுத்துவிட்டோம், எடுக்கவேண்டியது உறுப்புகளின் வரிசைக்கு. இதில் ஒரு வம்பு என்னவென்றால், 36 மடங்கு எடுத்துச் சரிபார்த்தால் (0, 0) வரத்தான் செய்யும், ஏனென்றால் இந்தக் குலத்தில் எந்த உறுப்பை எடுத்தாலும் 36 மடங்கு சமனிதான். அதனால் "0 வருகிறது, சரி" என்று டிக் போட்டுவிட்டுப் போய்விடக் கூடாது, அதுதான் மிகச் சிறிய எண்ணா என்று கேட்கவேண்டும்.

அதற்கு நான் செய்வது இது: கிடைத்த விடையை அதன் பகாக் காரணிகளால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்பேன். 36-ஐ 2-ஆல் வகுத்தால் 18, பதினெட்டு மடங்கும் (0, 0)தான், ஆக 36 பெரிது. மறுபடி 2-ஆல் வகுத்தால் 9, ஒன்பது மடங்கு (72, 90), 72 என்பது 12-இன் மடங்கு, 90 என்பது 18-இன் மடங்கு, இதுவும் (0, 0). இனி 3-ஆல் வகுத்தால் 3, மூன்று மடங்கு (24, 30), அதாவது (0, 12). இது சமனி இல்லை. ஆக 9-க்குக் கீழே இறங்க முடியாது. 1, 2, 3 என்று எல்லா எண்ணையும் சோதிக்கத் தேவையில்லை, பகா எண்களால் வகுத்து வரும் எண்களை மட்டும் பார்த்தால் போதும்.

27 என்பது 3-ஐயும் 9-ஐயும் பெருக்கியதால் வந்தது. இது கொஞ்சம் நயவஞ்சகமான தவறு. குலத்தில் மொத்தம் 216 உறுப்புகள், 27 அதை மிச்சமில்லாமல் வகுக்கிறது, ஆகவே லெக்ராஞ்சி தேற்றத்தை வைத்துப் பார்த்தால் தவறே தெரியாது. ஆனால் இப்போதுதான் சொன்னேன், எல்லா உறுப்புக்கும் 36 மடங்கு சமனி என்று. அப்படியானால் எந்த வரிசையும் 36-ஐ வகுத்தாகவேண்டும். 27 வகுக்காது, ஆள் மாட்டிக்கொண்டார். பெருக்கினால் சரியாக வருவது இரண்டு வரிசைக்கும் பொதுக் காரணி இல்லாதபோதுதான்: (3, 2)-ஐ எடுத்தால் வரிசைகள் 4, 9, விடை 36. இந்தக் குலத்தில் இதற்கு மேல் போக வழியில்லை. 216 வரிசை கொண்ட உறுப்பு கிடையாது, ஆகவே இது சக்கரக் குலமும் இல்லை.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. இது நேர்ப் பெருக்கத்துக்கான விதி, ஏனென்றால் இங்கே ஒரு இடத்தில் நடப்பது இன்னொரு இடத்தைத் தொடாது. ஒரே Z6-க்குள் 1, 5 இரண்டையும் எடுங்கள், இரண்டுக்கும் வரிசை 6, ஆனால் கூட்டினால் 0, வரிசை 1. அங்கே போய் மீ.சி.ம போட்டு 6 என்று எழுதினால் கதை முடிந்தது.

கடைசியாக இதையே திருப்பிக் கேட்பார்கள்: Z12 × Z18-இல் வரிசை 6 கொண்ட உறுப்புகள் எத்தனை? இரண்டு இடத்திலும் வரிசை 6 இருக்கவேண்டும் என்று நினைத்தால், Z12-இல் அப்படி இரண்டு உறுப்புகள், Z18-இல் இரண்டு, ஆக 4 என்று வரும். போதாது. 2-ம் 3-ம் சேர்ந்தாலும் மீ.சி.ம 6தானே, 6-ம் 1-ம் சேர்ந்தாலும் 6தானே. இந்த ஜோடிகளை ஒவ்வொன்றாகப் பட்டியல் போடலாம், ஆனால் ஏதாவது ஒன்று விட்டுப்போகும், எனக்கு எப்போதும் விட்டுப்போகும்.

அதனால் கழித்து எண்ணுவோம். 6 மடங்கு எடுத்தால் 0 ஆகும் உறுப்புகள் Z12-இல் ஆறு, Z18-இல் ஆறு, ஆக 36 ஜோடிகள். இவற்றில் வரிசை 1, 2, 3, 6 எல்லாம் கலந்து கிடக்கின்றன. 2 மடங்கில் 0 ஆகிறவை இரண்டு பெருக்கல் இரண்டு, 4. 3 மடங்கில் 0 ஆகிறவை மூன்று பெருக்கல் மூன்று, 9. இரண்டையும் கழிக்கும்போது (0, 0) இரண்டு முறை கழிந்துபோகிறது, அதை ஒரு முறை திரும்பச் சேர்க்கவேண்டும்: 36 − 4 − 9 + 1, விடை 24.

இந்த 24 நம்பத்தக்கதா? வரிசை 6 கொண்ட ஒவ்வொரு சக்கர உட்குலத்துக்கும் இரண்டு பிறப்பாக்கிகள் உண்டு, அதில் எதுவும் இன்னொரு உட்குலத்தோடு பங்கு போடாது. ஆக விடை இரட்டைப்படையாக இருந்தாகவேண்டும். +1-ஐ மறந்தவர்களுக்கு 23 வந்திருக்கும், அப்போதே தவறு தெரிந்துவிடும். 24-ஐ 2-ஆல் வகுத்தால் 12, அத்தனை சக்கர உட்குலங்கள்.