வீட்டு கேமரா எண்ணை ஆபீஸில் அடித்தால் பிரிண்டர் ஏன் வருகிறது?

கேள்வி: "அண்ணா, வீட்டில் கேமரா டிவிஆர் 192.168.1.64-இல் ஓடுகிறது. ஆபீஸில் உட்கார்ந்து அதே எண்ணை பிரவுசரில் அடித்தால் ஆபீஸ் பிரிண்டரின் பக்கம் திறக்கிறது. எப்படி?"

உங்கள் ஆபீஸ் பிரிண்டருக்கும் அதே எண்தான் அமைந்திருக்கிறது. இதில் தப்பு எதுவும் இல்லை.

நீங்கள் எண்டர் தட்டியதும் என்ன நடந்தது என்று பார்ப்போம். ஆபீஸ் கம்ப்யூட்டரின் முகவரி 192.168.1.20, மாஸ்க் 255.255.255.0 என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாஸ்க்குக்கு அர்த்தம், முதல் மூன்று எண்கள் ஒத்துப்போனால் அது பக்கத்து அறை என்பதுதான். 192.168.1 ஒத்துப்போகிறது. அதனால் கம்ப்யூட்டர் ரௌட்டரிடம் போகவே இல்லை. "192.168.1.64 யாரப்பா?" என்று ஆபீஸ் நெட்வொர்க்குக்குள்ளேயே கூவியது, பிரிண்டர் "நான்தான்" என்றது. உங்கள் கேள்வி ஆபீஸ் வாசலைத் தாண்டவில்லை.

சரி, ஆபீஸில் 10.0.0 என்று தொடங்கும் எண்கள் இருந்திருந்தால்? அப்போது 192.168.1.64 வெளி ஆள் என்று கம்ப்யூட்டர் முடிவு செய்து ரௌட்டரிடம் கொடுக்கும். ரௌட்டருக்கும் தெரியாது, இணைய நிறுவனத்திடம் தள்ளிவிடும். அங்கேயே வடிகட்டி தூக்கிப் போட்டுவிடலாம். அதையும் தாண்டினால், நடுவில் இருக்கும் பெரிய ரௌட்டர்களில் போய் நிற்கும். அவற்றில் எந்த முகவரித் தொகுதிக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று ஏறக்குறைய 10 லட்சம் வழிகள் எழுதப்பட்டிருக்கும். "தெரியாவிட்டால் அடுத்தவரிடம் கொடு" என்ற வரி மட்டும் அங்கே கிடையாது. 192.168-க்கு வழி இல்லை, ஆகவே உங்கள் கேள்வியைச் சுமந்து போன பாக்கெட் அங்கேயே முடிந்தது. `ping` போட்டால் பெரும்பாலும் இதுதான் வரும்:

```
Request timed out.
```

வழி ஏன் இல்லை என்பதுதான் இதில் முக்கியம். பொது முகவரிக்கு உரிமையாளர் உண்டு. நம் பகுதிக்கு ஏப்நிக் அமைப்பு தொகுதி தொகுதியாக ஒதுக்குகிறது. வாங்கிய நிறுவனம் "இந்தத் தொகுதி என்னிடம் இருக்கிறது" என்று, நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ளும் பிஜிபி முறை வழியாக அக்கம்பக்கத்து நெட்வொர்க்குகளுக்கு அறிவிக்கிறது, அந்த அறிவிப்பு உலகம் முழுக்கப் பரவுகிறது. தனியார் முகவரிகளுக்கு அப்படி ஒரு உரிமையாளர் இல்லை. 1996-இல் வந்த RFC 1918 என்ற இணைய விதி ஆவணம் மூன்று தொகுதிகளை, யாரையும் கேட்காமல் யாரும் உள்ளுக்குள் பயன்படுத்தலாம் என்று ஒதுக்கியது:

```
10.0.0.0    - 10.255.255.255
172.16.0.0  - 172.31.255.255
192.168.0.0 - 192.168.255.255
```

நடு வரியில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 172.32-இல் தொடங்குவது பொது முகவரி. கோடிக்கணக்கான வீடுகளில் அதே 192.168.1.64 இருக்கும்போது, "அது என்னிடம் இருக்கிறது" என்று யார் அறிவிக்க முடியும்? யாராவது தவறிப்போய் அறிவித்தாலும் பக்கத்து நெட்வொர்க் ஏற்காமல் இருக்கத்தான் வடிகட்டி வைத்திருப்பார்கள்.

அப்புறம், உங்கள் போன் மட்டும் எப்படி வெளியே போகிறது? வீட்டு ரௌட்டர் அனுப்புநர் முகவரியை அழித்துவிட்டு தன் பொது முகவரியை எழுதி அனுப்புகிறது. எந்த போர்ட்டில் யாருக்காக அனுப்பினோம் என்று ஒரு பட்டியலில் குறித்துக்கொள்கிறது. பதில் வந்தால் பட்டியலைப் பார்த்து உங்கள் போனிடம் கொடுக்கும். இதைத்தான் நாட் என்கிறோம். வெளியிலிருந்து யாராவது முதலில் கதவைத் தட்டினால் பட்டியலில் குறிப்பு இருக்காது, அதனால் உள்ளே விடாது. உங்கள் டிவிஆர் வெளியே தெரியாததற்கு இது இன்னொரு காரணம்.

வெளியிலிருந்து வருவதை டிவிஆரிடம் கொடுக்கச் சொல்லி ரௌட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் போடலாமே என்பீர்கள். முதலில் ரௌட்டரின் WAN முகவரியை, அதாவது இணையப் பக்கம் அதற்குக் கிடைத்த முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தாலோ, மேலே சொன்ன மூன்றில் ஒன்றாக இருந்தாலோ, பெரும்பாலும் உங்கள் இணைய நிறுவனமே இன்னொரு நாட் வைத்திருக்கிறது. அப்போது நீங்கள் என்ன ஃபார்வர்ட் செய்தாலும் வந்து சேராது. பொது முகவரி இருந்தாலும் டிவிஆரை நேராக இணையத்துக்குத் திறக்காதீர்கள். பழைய மென்பொருள் ஓடும் பெட்டிகளைத் தேடிப் பிடிக்கும் தானியங்கி ஸ்கேனர்கள் ஓயாமல் சுற்றுகின்றன.

வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் பூட்டிய பாதையில் நுழைய வைக்கும் விபிஎன் போடுவதுதான் நல்ல வழி. ஆனால் அங்கேயும் இதே பிரிண்டர் வந்து நிற்கும்! இரண்டு பக்கமும் 192.168.1 என்றால் விபிஎன் இணைந்த பிறகும் கம்ப்யூட்டர் குழம்பும். அதனால் முதல் வேலையாக வீட்டு ரௌட்டரின் லேன் அமைப்பில் 192.168.1.1 என்பதை 192.168.57.1 போல யாரும் அதிகம் வைக்காத எண்ணாக மாற்றுங்கள். டிவிஆரில் கைப்பட எண் கொடுத்திருந்தால் அதையும் 192.168.57.64 ஆக்கி, கேட்வே இடத்தில் 192.168.57.1 என்று எழுதிவிடுங்கள். அதன் பிறகு விபிஎன் போடுங்கள்.