நாலு லட்சம் எப்படி அஞ்சு நாற்பது ஆச்சு? கல்விக்கடன், முதல் சம்பளம், நடுவுல ஒரு பத்து மாசம்

வணக்கம் மக்களே. வெள்ளைப் பலகையைத் துடைச்சு வச்சாச்சு, மார்க்கரும் இன்னைக்கு எழுதுது. போன வீடியோவுக்குக் கீழ ஒரே கேள்வி, ஆளுக்கு ஒரு மாதிரி கேட்டிருக்கீங்க. "நாலு லட்சம்தான் லோன் வாங்கினேன், இப்போ இஎம்ஐ ஆரம்பிக்கப் போகுதுன்னு மெசேஜ் வந்திருக்கு, அதுல அஞ்சு லட்சத்து நாற்பதாயிரம்னு போட்டிருக்கு, வங்கி ஏமாத்துதா?" ஏமாத்தல. ஆனா அதுக்குப் பதில் சொன்ன சிலரைப் பார்த்துதான் எனக்குக் கடுப்பு. "முதல்ல லோனை முடி, அப்புறம் சேமிப்பைப் பத்தி யோசி"ன்னு ஒரு கூட்டம், "லோன் பாட்டுக்கு ஓடட்டும், மாசாமாசம் மியூச்சுவல் ஃபண்டுல எஸ்ஐபி போடு"ன்னு இன்னொரு கூட்டம். கணக்கை யாருமே போட்டுப் பார்க்கல. போட்டுடலாம் வாங்க.

நாலு வருஷ இன்ஜினியரிங், வருஷத்துக்கு ஒரு லட்சம்னு வங்கி கொடுத்திருக்கு. வட்டி 10%னு வச்சுக்குவோம், உங்க வட்டி கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். படிக்கிற நாலு வருஷமும், முடிச்ச பிறகு ஒரு வருஷமும் இஎம்ஐ கிடையாது. அதுக்குப் பேருதான் மாரடோரியம். ஆனா வட்டி ஓடிட்டே இருக்கும். முதல் லட்சத்துக்கு அஞ்சு வருஷ வட்டி 50,000. ரெண்டாவதுக்கு 40,000, மூணாவதுக்கு 30,000, கடைசி லட்சத்துக்கு 20,000. மொத்தம் 1,40,000. இஎம்ஐ தொடங்குற அன்னைக்கு இந்த ஒன்னு நாற்பதைத் தூக்கி அசலோட சேர்த்துடுவாங்க. அதனாலதான் 5,40,000. பத்து வருஷத்துக்குப் போட்டா மாசம் 7,136 ரூபாய் வருது.

இப்போ நான் சொல்ல வந்த விஷயம். மாரடோரியத்துல பெரும்பாலான அரசு வங்கிகள் தனிவட்டிதான் போடும். அதாவது சேர்ந்து நிக்கிற வட்டிக்கு அந்தக் காலத்துல வட்டி கிடையாது. படிப்பு முடியுற அன்னைக்கு நம்ம கணக்குல 1,00,000 வட்டி சேர்ந்திருக்கும். அந்த ஒரு லட்சம் அடுத்த ஒரு வருஷம் சும்மா உட்கார்ந்திருக்கும், குட்டி போடாது. அசலோட சேர்ந்த மறுநாள்ல இருந்து அதுவும் 10% சாப்பிட ஆரம்பிக்கும். புரியுதா? அந்த வட்டிப் பாக்கியை இன்னைக்குக் கட்டினாலும் ஒன்னுதான், இஎம்ஐ தொடங்குறதுக்கு முந்தின வாரம் கட்டினாலும் ஒன்னுதான். மாரடோரியத்துல நீங்க கட்டுற பணத்தை வங்கி பெரும்பாலும் முதல்ல வட்டிப் பாக்கியிலதான் வரவு வைக்கும். அதனால வேலை கிடைச்ச முதல் மாசத்துலயே ஓடிப்போய்க் கட்டிட்டு, கையில பத்து ரூபாய் இல்லாம நிக்க வேண்டாம். அந்தப் பணம் அதுவரைக்கும் உங்க அவசர நிதியா இருக்கட்டும்.

உங்க வங்கி தனிவட்டிதான் போடுதான்னு எப்படித் தெரியும்? லோன் கணக்கு ஸ்டேட்மென்ட்டை எடுங்க. நாலு லட்சத்துக்கு 10%னா 30 நாள் மாசத்துக்கு 3,288 ரூபாய், 31 நாள் மாசத்துக்கு 3,397 ரூபாய் வட்டி ஏறணும். ஜூலையில 3,397, அடுத்த ஜனவரியிலயும் அதே 3,397ன்னா தனிவட்டி. அதே 31 நாள் மாசம், ஆனா தொகை கூடிக்கிட்டே போகுதுன்னா வட்டிக்கு வட்டி விழுது. சில தனியார் நிதி நிறுவனங்கள்ல இப்படி இருக்கும். அப்படி இருந்தா நான் சொல்ற திட்டம் உங்களுக்கு இல்லை, நீங்க மாசாமாசம் அந்த வட்டியைக் கட்டிடுங்க.

ஐயோ, ஒன்னு முன்னாடியே சொல்லியிருக்கணும். படிக்கும்போதிருந்தே வீட்டுல மாசாமாசம் வட்டி கட்டிட்டு வர்றவங்க அதை நிறுத்திடாதீங்க. மாரடோரியம் முழுக்க வட்டி கட்டினா, கடைசியில வட்டி விகிதத்துல 1% வரை குறைக்கிற சலுகை சில வங்கிகள்ல உண்டு. சாங்ஷன் லெட்டர்ல அந்த வரி இருக்கான்னு பாருங்க.

சரி, சம்பளத்துக்கு வருவோம். பிஎஃப் பிடிச்சது போகக் கைக்கு 26,000. படிப்பு முடிஞ்சு ரெண்டு மாசத்துல வேலை. இஎம்ஐக்கு இன்னும் பத்து மாசம் இருக்கு. பிஜி, சாப்பாடு, பஸ் எல்லாம் சேர்த்து 12,000, வீட்டுக்கு 4,000. மிச்சம் 10,000. இதை சம்பளம் வர்ற கணக்குலயே விட்டு வைக்காதீங்க, கரைஞ்சிடும். வேற வங்கியில பத்து மாச ஆர்டி போடுங்க, முடிவுல ஒரு லட்சம். அதுல 40,000 உங்ககிட்டயே இருக்கணும். ஏன் 40? ஒரு மாசச் செலவு 12,000, இஎம்ஐ 7,136, ரெண்டு மாசத்துக்கு 38,000 சொச்சம். வேலை போனாலும் ரெண்டு மாசம் இஎம்ஐ தவறாது. மீதி 60,000 இஎம்ஐ தொடங்குறதுக்கு முன்னாடி லோன் கணக்குக்குப் போகணும்.

அந்த 60,000 என்ன பண்ணுதுன்னு பாருங்க. 5,40,000 இறங்கி 4,80,000 ஆகுது. அதே 7,136 கட்டினா 120 மாசம் 100 மாசமாகுது. மொத்தத்துல கிட்டத்தட்ட 89,000 ரூபாய் வட்டி மிச்சம். ஆனா, இங்கதான் எல்லாரும் சறுக்குறாங்க. கடன் குறைஞ்சதும் வங்கி தானாவே இஎம்ஐயை 6,343ன்னு மாத்திடலாம். பார்க்கச் சந்தோஷமா இருக்கும், ஆனா பத்து வருஷம் அப்படியே நிக்கும். "இஎம்ஐ அதே இருக்கட்டும், காலத்தைக் குறைங்க"ன்னு கிளைக்கு எழுதிக் கொடுங்க. வாயால சொல்லிட்டு வந்துடாதீங்க, கடிதத்தோட நகல்ல சீல் வாங்குங்க.

இஎம்ஐ எப்போ தொடங்குதுங்கிற தேதியையும் ஊகிக்காதீங்க. வங்கி சாங்ஷன் லெட்டர்ல எழுதின படிப்பு முடியுற மாசத்தைத்தான் எண்ணும். பட்டமளிப்பு விழா தேதி அவங்களுக்குத் தேவையே இல்லை. ரெண்டு மாசம் முன்னாடியே போய் திருப்பிச் செலுத்தும் அட்டவணையைக் கேட்டு வாங்கிடுங்க. அப்படியே இன்னொன்னும் கேளுங்க: குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள்ள இருந்து, படிப்பும் தகுதியானதா இருந்தா மத்திய அரசோட வட்டி மானியம் உண்டு, மாரடோரிய வட்டியையே அது ஏத்துக்கும். வருமானச் சான்றிதழ் கொடுத்தும் மானியம் வரவாகாம இருந்தா இப்போவே கேட்கணும், ஒன்னு நாற்பது அசலோட சேர்ந்த பிறகு இல்லை.

இஎம்ஐ ஆரம்பிச்சாச்சு. 10,000ல 7,136 போக 2,864 மிச்சம். இதுல 2,000 மாசாமாசம் லோனுக்குக் கூடுதலா. ரெண்டையும் சேர்த்து 9,136 கட்டினா 4,80,000 ஏறக்குறைய அஞ்சு வருஷம் பத்து மாசத்துல முடியுது. பத்து வருஷமா இழுத்திருந்தா 3,16,000 வட்டி, இப்போ 1,54,000. பாதிக்கும் கம்மி. இதுக்கு அபராதம் உண்டான்னு கேட்பீங்க. மாறும் வட்டியில இருக்கிற கல்விக்கடனை முன்கூட்டியே கட்டினா கட்டணம் வாங்கக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி விதியே இருக்கு.

இந்த 2,000 அசல்ல விழுந்துச்சான்னும் பாருங்க. கட்டின மறுநாள் பாக்கித் தொகை சரியா 2,000 குறைஞ்சிருக்கணும். சில இடங்கள்ல அதை "அடுத்த மாச இஎம்ஐக்கு அட்வான்ஸ்"னு ஓரமா வச்சிருப்பாங்க, அதுக்கு வட்டி குறையவே குறையாது. அப்படின்னா பகுதி முன்செலுத்தல்னு தனியா விண்ணப்பம் கொடுக்கணும்.

மிச்சம் 864. 500 ரூபாய், பங்குச் சந்தைக் குறியீட்டை அப்படியே பின்தொடர்ற ஒரு இண்டெக்ஸ் ஃபண்ட்ல எஸ்ஐபி, 364 அவசர நிதிக்கு. "500 எல்லாம் ஒரு முதலீடா?"ன்னு சிரிக்காதீங்க. 10% கடனை அடைக்கிறது உறுதியா 10% லாபம். இண்டெக்ஸ் ஃபண்ட் அதைவிட அதிகமாவும் தரலாம், ரெண்டு வருஷம் நட்டத்துலயும் கிடக்கலாம். அதனால இப்போதைக்குப் பெரிய பங்கு லோனுக்கு. எஸ்ஐபி இப்போ ஒரு பாதை போட்டு வைக்க மட்டும்தான், சம்பளம் ஏறும்போது தொகையை ஏத்திக்கலாம். அதுவும் போக, பிஎஃப்னு ஒரு சேமிப்பு ஏற்கெனவே ஓடிட்டிருக்கு. 15,000 அடிப்படைச் சம்பளத்துக்கு உங்ககிட்ட 1,800 பிடிக்கிறாங்க, கம்பெனி பங்குல 550 சேருது, மிச்ச 1,250 பென்ஷனுக்குப் போகுது. 2024-25க்கு வட்டி 8.25%. வேலை மாறும்போது அதை எடுத்துச் செலவு பண்ணாம, புது கம்பெனிக்கு மாத்திக்கோங்க.

அப்புறம் வரிவிலக்கு. "வட்டிக்கு வரிவிலக்கு இருக்கு, லோனைச் சீக்கிரம் முடிக்காதே"ன்னு சொல்ற அண்ணன் ஒவ்வொரு ஆபீஸ்லயும் ஒருத்தர் இருப்பார். அது பழைய வரிமுறையில மட்டும்தான், அதுவும் எட்டு வருஷத்துக்குத்தான், அசலுக்குக் கிடையாது. 26,000 சம்பளத்துக்கு வரியே வராது, விலக்கை வச்சு என்ன பண்றது?

கடைசியா 295 ரூபாய். இதைப் பத்தி நான் நாள் பூரா பேசுவேன். இஎம்ஐ 5ஆம் தேதி, சம்பளம் சில மாசம் 7ஆம் தேதி வரும்னு வைங்க. ஆட்டோ டெபிட் திரும்பும். உங்க சேமிப்புக் கணக்கு வங்கி 250, அதுக்கு 18% ஜிஎஸ்டி, ஆக 295 பிடிக்கும். சில வங்கியில 500ஏ உண்டு. லோன் கொடுத்தவங்க தனியா ஒரு கட்டணம். அதே வாரம் எஸ்ஐபியும் திரும்பினா ஃபண்ட் கம்பெனி அபராதம் போடாது, ஆனா உங்க வங்கி இன்னொரு 295 எடுக்கும். 500 ரூபாய் எஸ்ஐபிக்கு 295 தண்டம்! தொடர்ந்து மூணு மாசம் திரும்பினா எஸ்ஐபியே ரத்தாகிடும். இஎம்ஐ தவறினா சிபில் ஸ்கோர் அடி உங்களுக்கு மட்டும் இல்லை, கூட்டுக் கடனாளியா கையெழுத்துப் போட்ட அப்பாவுக்கும் சேர்த்துத்தான்.

அதனால இஎம்ஐ தேதியை 10ன்னு மாத்தித் தரச் சொல்லுங்க, எஸ்ஐபியை 12க்கு வைங்க. தேதி மாத்த மாட்டேன்னா, ஒரு மாச இஎம்ஐ தொகையை அந்தக் கணக்குல தொடாம விட்டு வைங்க. அதை அவசர நிதியில இருந்தே எடுத்துக்கலாம்.

ஆங், லோன் முடிஞ்சதும் வாங்க வேண்டிய நோ டியூ சான்றிதழ்... அதுக்கு இன்னும் அஞ்சு வருஷம் பத்து மாசம் இருக்கு. இப்போ உங்க ஸ்டேட்மென்ட்ல ரெண்டு 31 நாள் மாசத்து வட்டியைப் பார்த்துட்டு, தொகை ஒன்னா இருக்கா, கூடியிருக்கான்னு மட்டும் கீழ எழுதுங்க. கணக்கு எண்ணை எழுதிடாதீங்கப்பா, போன தடவை ரெண்டு பேர் எழுதிட்டாங்க.