மோட்டார் சும்மா நிக்கும்போது ஏன் கத்துது?

எல்லாருக்கும் வணக்கம். இன்னிக்கு ஒரே ஒரு மோட்டாரை வச்சுத்தான் பேசப்போறேன். சின்ன சர்வோ மோட்டார், ஷாஃப்ட் எங்க நிக்குதுன்னு ஒரு சுத்துக்கு 2000 கவுண்டா எண்ணிச் சொல்ற என்கோடர், ரேட்டட் டார்க் 0.2 நியூட்டன் மீட்டர், சுத்துற பாகத்தோட இனர்ஷியா 0.0001 கிலோகிராம் மீட்டர் ஸ்கொயர், கன்ட்ரோலர் 1 மில்லிசெகண்டுக்கு ஒருதடவை கணக்கு போடுது.

மொதல்ல வேகம். ஷாஃப்ட்டை "இந்த கோணத்துக்குப் போ"ன்னு சொன்னா, 10 சதவீதத்துல இருந்து 90 சதவீதம் போய்ச்சேர ஆகுற நேரம்தான் ரைஸ் டைம், அதுக்கு ஒரு எளிய கணக்கு இருக்கு: tr ≈ 0.35 / f. இதுல f-ங்கிறது பேண்ட்விட்த், அதாவது கன்ட்ரோலரும் மோட்டாரும் என்கோடரும் சேர்ந்த லூப் எவ்வளவு வேகமான மாற்றம் வரைக்கும் பின்னாடியே ஓட முடியும்ங்கிறது. இந்த 0.35 வானத்துல இருந்து குதிக்கல. ஃபர்ஸ்ட் ஆர்டர் சிஸ்டத்துல 10-லேர்ந்து 90 வரைக்கும் 2.2 டைம் கான்ஸ்டன்ட் ஆகும், அதை 2π-ஆல வகுத்தா 0.35. செகண்ட் ஆர்டர்ல, ஆட்டத்தை அடக்குற டேம்பிங் 0.7 இருந்தாலும் கிட்டத்தட்ட இதேதான். அப்போ க்ளோஸ்டு லூப் பேண்ட்விட்த் 10 ஹெர்ட்ஸ்னா 35 மில்லிசெகண்ட், 40 ஹெர்ட்ஸ்னா 9.

அப்புறம் ஏன் 40-லயே நிக்கணும், 400 வைக்கலாமேன்னு கேப்பீங்க. இங்கதான் என்கோடர் வருது. லூப்புக்கு நீங்க குடுக்குற கட்டளையும் சென்சாரோட பொய்யும் ஒரே வாசல் வழியாத்தான் உள்ள வருது, பேண்ட்விட்த்துக்குள்ள இருக்குற எதையும் அது நிஜம்னு நம்பி பின்னாடியே ஓடும்.

கணக்கா பாப்போம். ஷாஃப்ட் ரெண்டு கவுண்டுக்கு நடுவுல எல்லையில நிக்குது, என்கோடர் ஒரு கவுண்ட் மாறுது. 1 மில்லிசெகண்ட்ல ஒரு கவுண்ட்னா கன்ட்ரோலர் கண்ணுக்கு அது செகண்டுக்கு 3.14 ரேடியன் வேகம், அதாவது நிமிஷத்துக்கு 30 சுத்து! நிஜத்துல ஷாஃப்ட் அசையவே இல்ல. வேகத்துக்கு ஏத்த மாதிரி எதிர்த்துத் தள்ளுற டி கெய்ன் இதை உண்மைன்னு எடுத்துக்கிட்டு ஒரு உதை விட்டு பிரேக் போடுது. 10 ஹெர்ட்ஸ் டியூனிங்ல அந்த உதை 0.03 நியூட்டன் மீட்டர், தாங்கிக்கலாம். 40-க்கு ஏத்தினா டி கெய்ன் நாலு மடங்கு, உதை 0.11, மோட்டாரோட பாதி பலத்துக்கு மேல இல்லாத வேகத்தை அடக்கவே போயிடுது. கோணத்துல இருக்குற தப்புக்கு ஏத்த மாதிரி தள்ளுற பி கெய்னோ 16 மடங்கு ஏறும், ஆனா இந்த மோட்டார்ல அதோட உதை 0.02 தான்.

இதை கையால கண்டுபிடிக்கலாம்ங்க. எதுவுமே நகராதப்போ மோட்டார்ல இருந்து கரகரன்னு சத்தம் வரும், கை வச்சா நடுக்கம் தெரியும், கொஞ்ச நேரத்துல பாடி சுடும். ஸ்கோப்ல கரன்ட்டைப் பாத்தா புல்லு முளைச்ச மாதிரி இருக்கும்.

உடனே எல்லாரும் ஃபில்டர் போடுவாங்க. 4 மில்லிசெகண்ட் இடைவெளியில வேகத்தை எடுத்தா உதை கால்வாசி ஆயிடும், நெஜம்தான், ஆனா அந்த வேகம் 2 மில்லிசெகண்ட் பழசு. 40 ஹெர்ட்ஸ்ல அது 29 டிகிரி ஃபேஸ் தாமதம், அதனால டேம்பிங்தான் குறையுது, ஷாஃப்ட் இலக்கைத் தாண்டிப் போய் ஆடி ஆடி நிக்கும். சத்தம் போச்சு, ஆட்டம் வந்துச்சு.

அதனால என்கிட்ட கேட்டா நான் கெய்னைத் தொடமாட்டேன், என்கோடரை 8000 கவுண்டுக்கு மாத்துவேன். 40 ஹெர்ட்ஸ்லயே உதை திரும்ப 0.03-க்கு வந்துரும், 9 மில்லிசெகண்டும் கையில இருக்கும்.