ஹாலில் வைத்த ஸ்விட்ச் ரூட் ஆனதும் எல்லா மாடியும் அரை நிமிடம் நிற்பது ஏன்?

கேள்வி: "அண்ணா, நான் கொழிஞ்சாம்பாறை. கஞ்சிக்கோட்டில் ஒரு ஆபீஸில் நெட்வொர்க் பார்க்கிறேன். மூன்று வாரத்துக்கு முன்னால் புது ஹாலுக்கு ஒரு ஸ்விட்ச் போட்டோம். அன்றிலிருந்து தினமும் காலையில் எல்லா மாடியிலும் அரை நிமிடம் போல நெட்வொர்க் நின்று தானாகவே திரும்புகிறது. பார்த்தால் ஸ்பேனிங் ட்ரீ ரூட் அந்தப் புது ஸ்விட்சாக மாறியிருக்கிறது. ஓடுவது ரேப்பிட் பி.வி.எஸ்.டி. தான். ரேப்பிட் என்றால் ஒரு நொடிக்குள் சரியாக வேண்டாமா? அந்த ஸ்விட்சைக் கழற்றிவிடலாமா?"

கழற்ற வேண்டாம், தம்பி. அந்த ஸ்விட்சில் கோளாறு இல்லை. அது ரூட் ஆனது ஒரு விஷயம், ரூட் மாறும்போது முப்பது நொடி நிற்பது இன்னொரு விஷயம். இரண்டுக்கும் காரணம் வேறு. முதலாவதை மட்டும் சரி செய்துவிட்டுப் போனால் இரண்டாவது வேறொரு நாள் திரும்ப வரும்.

டிராபிக் ஒரே வட்டத்தில் சுற்றிக்கொண்டே இருக்காதபடி, வேண்டாத வழிகளை அடைத்து வைப்பதுதான் ஸ்பேனிங் ட்ரீயின் வேலை. எந்த வழி வேண்டும், எது வேண்டாம் என்ற கணக்குக்கு மையமாக இருக்கும் ஸ்விட்ச்தான் ரூட். ரூட் தேர்தல் எப்படி நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் ஒரு பிரிட்ஜ் ஐடி உண்டு. முன்பகுதி பிரையாரிட்டி, பின்பகுதி மேக் முகவரி. எண் குறைவாக இருப்பவர்தான் ரூட். யாரும் கை வைக்காவிட்டால் எல்லா ஸ்விட்சிலும் பிரையாரிட்டி 32768. அதோடு விலான் எண் சேரும், அதனால் விலான் 10இல் எல்லாருக்கும் 32778. எல்லாரும் சமம் என்றால் மேக் முகவரி குறைவாக உள்ளவர் ஜெயிக்கிறார். எந்தப் பெட்டி பெரியது, எது யூ.பி.எஸ்.ஸில் இருக்கிறது என்பதெல்லாம் அங்கே கணக்கில் வராது. ரேடியா பெர்ல்மன் 1985இல் இந்த முறையை வகுத்தபோது, யாரும் எதையும் அமைக்காமலே கேபிளைச் செருகினால் வேலை செய்ய வேண்டும் என்பதுதான் நோக்கம். அந்த நோக்கம் இன்றும் நிறைவேறுகிறது. ரூட் எங்கே இருக்க வேண்டும் என்பதை மட்டும் நாம்தான் சொல்ல வேண்டும்.

வாளையாறு பக்கம் ஒரு கம்பெனியில் நான் பார்த்ததைச் சொல்கிறேன், உங்கள் கதையும் ஏறக்குறைய இதுதான். சர்வர் அறையில் இரண்டு கோர் ஸ்விட்ச், ஏ, பி என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் நடுவே 10 ஜி.பி. இணைப்பு. மாடிக்கு ஒன்றாக மூன்று ஸ்விட்ச், ஒவ்வொன்றிலிருந்தும் ஏ-வுக்கு ஒரு கேபிள், பி-க்கு ஒரு கேபிள். புதிய ஹாலுக்குக் கோயம்புத்தூரில் செகண்ட் ஹாண்டாக ஒரு ஸ்விட்ச் வாங்கி, அதையும் இதே மாதிரி இரண்டு 1 ஜி.பி. கேபிளால் கட்டியிருந்தார்கள். ஏ-வில் உட்கார்ந்து பார்த்தபோது திரையில் இப்படி இருந்தது:

```
show spanning-tree vlan 10

  Root ID    Priority    32778
             Address     001b.0c3e.4a80
             Cost        4
             Port        24 (GigabitEthernet1/0/24)
```

ஏ-வின் சொந்த முகவரி 2c என்று தொடங்கியது. பழைய ஸ்விட்சுடையது 00 என்று தொடங்குகிறது. இடமிருந்து ஒப்பிட்டால் முதல் இரண்டு எழுத்திலேயே தீர்ப்பு வந்துவிட்டது. பழைய ஸ்விட்ச் எப்போதும் ஜெயிக்கும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆனால் பல வருடம் முன்னால் வந்த பெட்டிகளில் சிறிய முகவரிகள் அடிக்கடி கண்ணில் படும், அதனால் பழையதைக் கொண்டுவந்து மாட்டும்போது இந்த விபத்துக்கு வாய்ப்பு அதிகம். அந்த போர்ட் 24இன் மறுமுனையில் யார் என்று `show cdp neighbors` கேட்டால் ஹால் ஸ்விட்சின் பெயர் வந்தது.

அதற்கு முன்னால் ரூட்டாக இருந்தது ஏ. அதுவும் யாரும் திட்டமிட்டு வைத்ததில்லை, இருந்த ஐந்தில் அதன் முகவரி குறைவு, அவ்வளவுதான். வருடக்கணக்கில் அது சரியாக ஓடியதால் யாரும் கவனிக்கவில்லை.

இப்போது ரூட் ஹாலுக்குப் போனதால் என்ன ஆனது பாருங்கள். 1 ஜி.பி. கேபிளுக்கு காஸ்ட் 4, 10 ஜி.பி.க்கு 2. ஏ-வுக்கு ரூட்டை அடைய நேர் வழியில் 4, பி வழியாகச் சுற்றினால் 6. பி-க்கும் அப்படியே. இரண்டுமே நேர் வழியை எடுத்துக்கொண்டன. அப்படியானால் ஏ-வுக்கும் பி-க்கும் நடுவே உள்ள 10 ஜி.பி. இணைப்பு வேண்டாத வழி, ஸ்பேனிங் ட்ரீ அதன் ஒரு முனையை அடைத்துவிட்டது. கோர்கள் இரண்டும் பேசிக்கொள்ள வேண்டிய டிராபிக் எல்லாம் ஹாலின் மூலையில் இருக்கிற அந்தச் சின்னப் பெட்டி வழியாகப் போய் வந்தது. "ரெண்டு மூணு வாரமா எல்லாம் கொஞ்சம் மந்தமா இருக்கு" என்று அங்கே சொன்னார்கள். அதற்கு இதுதான் காரணம்.

சரி, தினமும் ஏன் நிற்கிறது? நான் இந்தக் கட்டளையைப் போட்டுப் பார்த்தேன்:

```
show spanning-tree detail | include occurred|from
```

கடைசி மாற்றம் எத்தனை நேரத்துக்கு முன், எந்த போர்ட்டிலிருந்து வந்தது என்று இது சொல்லும். இரண்டு நாள் தொடர்ந்து பார்த்ததில் நேரம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தது, காலை 8:50. போர்ட்டும் அதே 24. ஹாலுக்குப் போய்ப் பார்த்தால், ஸ்விட்சின் வயர் சுவரில் இருந்த சாதாரண பிளக் பாயிண்ட்டில். ராத்திரி வாட்ச்மேன் ஃபேன், லைட் எல்லாம் அணைக்கும்போது அந்த போர்டில் உள்ள எல்லா பொத்தானையும் அணைத்துவிடுவார். காலையில் கூட்டிப் பெருக்க வருகிற அக்கா திரும்பப் போடுவார். ஒவ்வொரு நாளும் ரூட் ராத்திரி செத்து, காலையில் பிறந்தது. ராத்திரி அணையும்போதும் தேர்தல் நடக்கும்தான், ஆனால் அப்போது ஆபீஸில் ஆள் இல்லை.

இனி நீங்கள் கேட்ட முக்கியமான கேள்வி. ரேப்பிட் ஓடும்போது ஏன் முப்பது நொடி? ரேப்பிட்டின் வேகம் ஒரு கைகுலுக்கலில் இருக்கிறது. ரூட் ஸ்விட்ச் தன் அண்டை ஸ்விட்சிடம் "இந்த வழியைத் திறக்கலாமா?" என்று கேட்கிறது. கேட்கப்பட்ட ஸ்விட்ச், லூப் வந்துவிடக் கூடாது என்று தன் மற்ற போர்ட்களை முதலில் மூடிவிட்டு "திற" என்று பதில் சொல்கிறது. பிறகு அதே கேள்வியைத் தனக்குக் கீழே உள்ளவர்களிடம் கேட்கிறது. ஸ்விட்சுக்கு ஸ்விட்ச் இது கண் இமைக்கும் நேரத்தில் முடியும். ஆனால் மாடி ஸ்விட்ச் வரை வந்ததும், அது மூடுகிற போர்ட்களில் உங்கள் கம்ப்யூட்டர், பிரிண்டர், போன் எல்லாம் இருக்கின்றன. அவற்றுக்கு இந்தக் கேள்வியே புரியாது, பதில் வராது. பதில் வராவிட்டால் ஸ்விட்ச் பழைய முறைப்படி காத்திருக்கிறது: 15 நொடி, அப்புறம் கற்றுக்கொள்ள இன்னொரு 15 நொடி. உங்கள் அரை நிமிடம் அதுதான்.

இதைக் கண்ணால் பார்க்கலாம். அந்த நேரத்தில் மாடி ஸ்விட்சின் முன்னால் போய் நில்லுங்கள். சிஸ்கோ கேட்டலிஸ்ட் என்றால் கம்ப்யூட்டர் போர்ட்களின் விளக்கு மொத்தமாக ஆரஞ்சுக்கு மாறி, முப்பது நொடி கழித்துப் பச்சைக்குத் திரும்பும். கம்ப்யூட்டரில் "கேபிள் கழன்றுவிட்டது" என்ற செய்தி வராது, ஏனென்றால் லிங்க் விழவே இல்லை. அதனால்தான் பலர் கேபிளையும் ரூட்டரையும் சந்தேகப்பட்டு நாளைக் கழிக்கிறார்கள்.

மூடாமல் விடப்படுவது எட்ஜ் என்று குறிக்கப்பட்ட போர்ட்கள் மட்டும். ஆகவே முதல் வேலை, மாடி ஸ்விட்ச்களில் கம்ப்யூட்டர் போகிற ஒவ்வொரு போர்ட்டிலும்:

```
spanning-tree portfast
spanning-tree bpduguard enable
```

இரண்டாவது வரி, யாராவது அந்த போர்ட்டில் ஸ்பேனிங் ட்ரீ பேசுகிற ஒரு ஸ்விட்சைச் செருகினால் போர்ட்டை மூடிவிடும். ஸ்விட்சுக்கு ஸ்விட்ச் போகிற போர்ட்டில் இந்த இரண்டையும் போட்டுவிடாதீர்கள்.

அடுத்து ரூட்டை இடத்தில் உட்கார வைப்பது. ஏ-வில் 4096, பி-யில் 8192:

```
spanning-tree vlan 1-4094 priority 4096
```

விலான் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் போடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பி.வி.எஸ்.டி.யில் ஒவ்வொரு விலானுக்கும் தனித் தேர்தல். இன்றுள்ள மூன்று விலானுக்கு மட்டும் போட்டால், நாளை சேர்க்கிற நான்காவது பழையபடி 32768இல் நின்று ஹால் ஸ்விட்சிடம் தோற்கும். `root primary` என்ற கட்டளையும் இருக்கிறது, ஆனால் அது போடுகிற நேரத்தில் ஒரு எண்ணைக் கணக்கிட்டு எழுதிவிட்டுப் போகும், பிறகு காவல் காக்காது. நான் எண்ணை நானே எழுதுவதையே விரும்புகிறேன், படித்தாலே புரியும்.

இந்த வரிசையை மாற்ற வேண்டாம். பிரையாரிட்டி போடுகிற நொடியில் ரூட் மாறும், அதுவும் ஒரு தேர்தல்தான். போர்ட்ஃபாஸ்ட் முதலில் போட்டிருந்தால் அந்தத் தேர்தலை யாரும் உணர மாட்டார்கள். இருந்தாலும் ஆபீஸ் நேரம் முடிந்து செய்யுங்கள்.

எதிர்காலத்தில் யாராவது இதைவிடக் குறைந்த எண்ணோடு ஒரு ஸ்விட்சைக் கொண்டுவந்தால்? அதற்கு ரூட் கார்டு. கோரிலிருந்து மாடிக்கும் ஹாலுக்கும் இறங்குகிற போர்ட்களில் `spanning-tree guard root` போட்டால், அந்தப் பக்கத்திலிருந்து மேலான பி.பி.டி.யூ., அதாவது இன்னும் குறைந்த எண்ணோடு ரூட் என்று சொல்லிக்கொள்ளும் ஸ்பேனிங் ட்ரீ செய்தி, வந்தவுடன் அந்த போர்ட் மட்டும் அடைபடும், வருவது நின்றதும் தானாகத் திறக்கும். ஒரு எச்சரிக்கை: ஏ-பி இணைப்பில் இதைப் போடக் கூடாது. அதோடு, அந்த இணைப்பு அறுந்தால், ரூட்டான ஏ-வின் செய்தி மாடி ஸ்விட்ச் வழியாகச் சுற்றி பி-க்கு வரும், பி அதை ஆக்கிரமிப்பு என்று எடுத்துக்கொண்டு தன் கீழ் போர்ட்களை அடைத்துத் தனியாகிவிடும். அதனால் ஏ-வுக்கும் பி-க்கும் நடுவே ஒரே கேபிளை நம்பாமல், இரண்டைச் சேர்த்து போர்ட் சேனலாகக் கட்டிய பிறகே ரூட் கார்டு போடுங்கள்.

வாளையாறில் நாங்கள் சனிக்கிழமை மாலை இதையெல்லாம் செய்தோம். ஹால் ஸ்விட்சின் வயரை வேண்டுமென்றே பழைய பிளக்கிலேயே விட்டுவைத்தோம், சோதித்துப் பார்க்க. திங்கட்கிழமை 8:50க்கு நான் முதல் மாடி ரேக் முன்னால் நின்றேன், அந்தத் தம்பி சர்வர் அறையில் ஏ-வின் முன்னால். அக்கா பொத்தானைப் போட்ட சத்தம் ஹாலிலிருந்து கேட்டது. ஏ-வில் போர்ட் 24இன் விளக்கு மட்டும் கொஞ்ச நேரம் ஆரஞ்சாக இருந்து பச்சையானது என்று அவன் போனில் சொன்னான். என் முன்னால் இருந்த மாடி ஸ்விட்சில் ஒரு விளக்குகூட மாறவில்லை. அதற்குப் பிறகுதான் அந்த வயரை யூ.பி.எஸ்.ஸுக்கு மாற்றினோம்.